மாயவன் சொன்ன கட்டுமரம்

ஒரே ஒரு தடவை சரியான பதிலைச் சொன்னதற்காக ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். கருங்குழி ஜவுளிக்கடை பஷீருதீன் மகன் ஷேக் தாவூத் அப்படிப்பட்டவன்.

தாவூதுக்கு வாய்தான் சொத்து, வாய்தான் வில்லங்கம். எதிரில் இருப்பவன் ஆமாம் என்றால் இவன் இல்லை என்பான். அவன் சரி இல்லை என்று இறங்கி வந்தால், உடனே ஆமாம் என்பான். உண்மை எந்தப் பக்கம் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இந்த வாய்க்குப் பயந்தே யாரும் அவனிடம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்து, ஹாஸ்டலில் கால் வைத்த பிறகுதான் அவனுக்கு அலுக்காமல் காது கொடுக்க ஒருத்தன் கிடைத்தான்.

அவன்தான் மாயவன். மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரி குப்பத்துப் பையன். அப்பா சிங்காரம் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அந்தக் குப்பத்தில் காலேஜ் வாசல் மிதித்தது அவன் ஒருத்தன்தான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்குக் காலேஜில் எல்லாம் இங்கிலீஷ். புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே தாவூத் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவான், மாயவன் கேட்டுக்கொள்வான். மூன்று வருஷமும் அவன் படிப்பு இப்படித்தான் ஓடியது. மாயவனுக்குப் புத்தகம் என்றால் அது தாவூத்தின் வாய். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாவூத் அதை மனதில் வைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

மூன்றாம் வருஷம், எழுபத்து நாலு கடைசியில், ஒரு நாள் லேபில் இருந்து திரும்பினார்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அழுகின முட்டை நாற்றம் சட்டையில் அப்பியிருந்தது. மெஸ்ஸில் எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். மாயவன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே ஒரு விஷயத்தைக் கிளப்பினான். இந்த நாற்றத்தோட மூலக்கூறு எடை முப்பத்து நாலு, தண்ணீரோடது வெறும் பதினெட்டு. கனமானது காற்றாகப் பறக்கிறது, லேசானது டம்ளரில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு பெரிய விஷயம் பார், என்று வியந்தான்.

அவனாகவே ஒரு உதாரணமும் சொன்னான். கட்டுமரம் இருக்கிறதே, அது நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினதுதான். கயிறு இல்லாவிட்டால் அலை ஒவ்வொரு கட்டையாக அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரின் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பு அந்தக் கயிறு மாதிரிப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் அது நூறு டிகிரி வரைக்கும் ஆவியாகாமல் தாங்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அந்தக் கயிறு கிடையாது, மைனஸ் அறுபதிலேயே கொதித்துவிடுகிறது.

எவ்வளவு அழகான உதாரணம்! வேறு யாராக இருந்தாலும் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். தாவூதுக்கோ வாய் ஊறியது.

கொதிநிலையை முடிவு செய்வது எடைதான் என்று ஆரம்பித்தான். ஹைட்ரஜன் சல்பைடு எடை முப்பத்து நாலு, கொதிப்பது மைனஸ் அறுபதில். அதே குடும்பத்தில் செலினியத்தோடது எண்பத்தொன்று, மைனஸ் நாற்பத்தொன்றில். டெல்லூரியத்தோடது நூற்று முப்பது, மைனஸ் இரண்டில். எடை ஏற ஏறக் கொதிநிலையும் ஏறுகிறதா இல்லையா? அந்தக் கணக்கில் தண்ணீர் மைனஸ் எண்பதுக்குப் பக்கம் கொதிக்க வேண்டுமே, நூறில் கொதிக்கிறதே, என்று மாயவன் விடாமல் கேட்டான். அதற்குத்தான் தாவூத் காத்திருந்தான்.

"ஒத்தைக் கட்டைய நீ தூக்கிடுவியா?"

"நானும் இன்னொருத்தனும் தூக்கிடுவோம்."

"அஞ்சும் சேத்துக் கட்டிக் கெடந்தா?"

"அதெப்படி முடியும்?"

"ஏன் முடியல? வெயிட்டு மச்சான். தண்ணியும் ரெண்டு மூணா சேந்துகினு கீது. அப்போ அதோட எடை பதினெட்டு இல்ல, முப்பத்தாறு, அம்பத்தி நாலு, அதுக்கும் மேல. கடைசில எல்லாம் வெயிட்டுல வந்துதான் நிக்குது. உன் கட்டுமரமே எனக்கு சாட்சி சொல்லுது பாரு."

மெஸ்ஸே கைதட்டியது. பக்கத்து அறை பன்னீர்செல்வம் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கி, ஐயோ வெயிட்டு, ஐயோ வெயிட்டு என்று கூத்தடித்தான். மாயவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சிரித்துவிட்டு, நீ சொல்றதும் கரீட்டாதான் கீது மச்சான் என்றான். அறைக்குப் போய், தன் நோட்டில் முழுவதையும் எழுதி, அடியில் 'ஷேக் ப்ரூவ் பண்ணது' என்று தேதி போட்டு வைத்தான்.

மறுநாள் லைப்ரரியில் வேறு எதையோ தேடும்போது தாவூத்தின் கண்ணில் அந்த வரி பட்டது. நீராவியின் அடர்த்தி, ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்தால், ஒன்பது. ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை இரண்டு, அதனால் இரண்டால் பெருக்கினால் எடை பதினெட்டு. அதாவது ஆவியாகப் போகிற தண்ணீர் இரண்டு மூன்றாகக் கட்டிக்கொண்டு போகவில்லை, ஒற்றை ஒற்றையாகத்தான் போகிறது. அவன் சொன்ன முப்பத்தாறும் ஐம்பத்து நாலும் எங்கே போயின? கட்டின கட்டை கட்டோடு பறந்திருந்தால் அல்லவா அதன் மொத்த எடையைப் பற்றிப் பேசலாம்! கயிற்றை அவிழ்க்கத்தான் அத்தனை சூடும் செலவாகிறது. எடைக்குப் பங்கே இல்லை என்று இல்லை. கயிறு இல்லாத அந்த மூன்று வாயுக்களுக்குள்ளே கனமானதுதான் பிந்திக் கொதிக்கிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மாயவன் சொன்னதுதான் சரி, தான் சொன்னது வெறும் சாமர்த்தியம் என்று தாவூதுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்துபோனது.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஹாஸ்டலுக்கு வந்தான். வாசலிலேயே பன்னீர்செல்வம், புரொஃபசர் வந்துட்டாரு வழி விடுங்க என்று கும்பிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாயவனும் சிரித்தான், அதில் ஒரு பெருமை வேறு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாவூத் நினைத்தான். நாளைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் மறந்தே போனான்.

எழுபத்தைந்து ஜூனில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் இருந்து இண்டர்வியூ கார்டு வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆல்கஹால், ஈதர் மாதிரியான கரைப்பான்களைக் காய்ச்சி வடிக்கிற கம்பெனி. காலி இருந்தது ஒரே இடம். தாவூதுக்கு அது கிடைக்காவிட்டால் அப்பாவின் ஜவுளிக்கடை இருந்தது. மாயவனுக்குக் கடல்தான் இருந்தது. சிங்காரத்துக்குத் தோள் விட்டுப்போயிருந்தது, துடுப்புப் போட முடியவில்லை. இந்த வேலை வந்தால் போ, வராவிட்டால் ஆடியில் இருந்து நீ கட்டுமரம் ஏறு என்று சொல்லிவிட்டார். அம்மா குப்பம்மா மட்டும் திருக்கழுக்குன்றம் மலை ஏறி வேண்டிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் தாவூதுக்குத் தெரியும். ரயிலில் போகும்போதே மாயவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

மேனேஜர் அறைக்கு முழுக் கதவு இல்லை. தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடுகிற அரைக்கதவுதான், மேலேயும் கீழேயும் திறந்து கிடக்கும். அதை ஒட்டி ஒரு பெஞ்சு. முதலில் மாயவனைக் கூப்பிட்டார்கள். தாவூத் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தான். திரும்பி வரும்போது மாயவன் வெளியே வந்துகொண்டிருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை.

தண்ணீரின் கொதிநிலை ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்டார்களாம். தமிழிலேயே சொல்லலாம் என்றார்களாம். அவன் எடுத்ததும் ஹைட்ரஜன் பிணைப்பு என்றுதான் சொல்லியிருக்கிறான். மேனேஜர் தலையை ஆட்டியிருக்கிறார். அப்போதுதான் இவனுக்கு நோட்டு நினைவுக்கு வந்திருக்கிறது. இல்லை சார், யோசித்துப் பார்த்தால் எடைதான் சார், என்று மாற்றிக்கொண்டுவிட்டான்.

"பியூட்டனால் எடை எழுபத்து நாலு, ஈதரும் எழுபத்து நாலு. ஒண்ணு நூத்திப் பதினேழுல கொதிக்குது, இன்னொண்ணு முப்பத்தஞ்சுல, எப்படின்னாரு. பியூட்டனால் சேந்துகினு கீது சார்னேன். நீராவியோட அடர்த்தி இன்னான்னாரு. ஒம்போதுன்னேன். அப்போ எடை? பதினெட்டுன்னேன். உன் முப்பத்தாறு எங்கப்பா போச்சுன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடல மச்சான். என் ஃப்ரெண்டு இத ப்ரூவ் பண்ணிக்கிறான் சார், அடுத்தது அவன்தான் வர்றான், அவனக் கேளுங்கன்னு சொல்ட்டேன். நீ போய் நல்லா வெளக்கி சொல்லு."

அப்போதாவது அந்தப் பாவி வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் உள்ளே இருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மாயவன் பெஞ்சில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தாவூத் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

மேனேஜர் கோபக்காரர் இல்லை, சிரித்த முகம். தண்ணீரின் கொதிநிலைக்கு எடைதான் காரணம் என்று நிரூபித்தவர் நீங்கள்தானோ என்று கேட்டார். உள்ளே போகும்போது என்ன சொல்வதென்று தாவூத் தீர்மானித்திருக்கவில்லை, இது சத்தியம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் வாய் அவனைக் கேட்காமலேயே கிளம்பிவிட்டது.

"இல்ல சார். ஹைட்ரஜன் பாண்டுதான். கட்டுமரத்தைப் பாருங்க சார். கரைக்கு வந்ததும் அப்படியே தூக்க மாட்டாங்க. கயித்த அவுத்து, ஒவ்வொரு கட்டையாத்தான் தூக்கினு போவாங்க. கட்டை லேசுதான், கயித்த அவுக்கறதுலதான் வேலை. தண்ணி கொதிக்கறதும் அப்படித்தான் சார். ஆவியில ஒத்தை ஒத்தையாத்தான் போவுது, அதான் அடர்த்தி ஒம்போது."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரமாதமான உதாரணம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு, அப்படியானால் உன் ஃப்ரெண்ட் ஏன் நீ வேறு மாதிரிச் சொன்னதாகச் சொன்னான், என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் இருந்தது. நான்தான் சார் விளையாட்டுக்கு அவனைக் குழப்பினேன், அவன் முதலில் சொன்னதுதான் சரி, இந்தக் கட்டுமரமும் அவனுடையதுதான் என்று சொல்ல ஒரு நிமிஷம் தாராளமாகப் போதும்.

"அவன் தப்பாப் புரிஞ்சிக்கினு இருப்பான் சார்," என்றான் தாவூத்.

திரும்பும்போது ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். தாவூதுக்கு மாயவன் முகத்தைப் பார்க்கப் பயம். பரனூர் தாண்டி, கொளவாய் ஏரி ஜன்னலில் தெரிய ஆரம்பித்த பிறகு மாயவன் கேட்டான்.

"உள்ள இன்னா சொன்ன மச்சான்?"

"அதேதான். நீ சொன்ன அதேதான்."

"சரி," என்றான் மாயவன். செங்கல்பட்டு வரும்வரை ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வேலை தாவூதுக்கு வந்தது. மாயவன் ஆடியில் மரம் ஏறினான் என்று பன்னீர்செல்வம் எழுதின கடிதத்தில் தெரிந்தது. தாவூத் இரண்டு கடிதம் எழுதினான், பதில் இல்லை. மூன்றாவது எழுத ஆரம்பித்து, 'நண்பா' என்ற வார்த்தைக்கு மேல் ஓடாமல் கிழித்துப் போட்டான்.

மறந்துவிட்டு இருந்திருப்பான், மேனேஜர் விடவில்லை. கம்பெனிக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்து, தாவூத், அந்தக் கட்டுமரம் சொல்லுங்க என்பார். சொன்னால் எல்லாரும் ரசிப்பார்கள். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை நண்பனின் கட்டுமரத்தைத் தன்னுடையதாக அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த சம்சாத் பேகம், என்னதான் உடம்புக்கு என்று துருவித் துருவிக் கேட்டாள். ஒரு நாள் சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. கேட்டு முடித்துவிட்டு, இதை என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, அவர்கிட்ட போய் சொல்லுங்க என்றாள்.

எழுபத்தொன்பது தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனேரிக்குப் போனான். மாயவன் அப்போதுதான் கரையேறியிருந்தான். மீனை இறக்கியாயிற்று. மணலில் குந்தி, ஈரக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் எழுந்து, கையைக் கைலியில் துடைத்தான். கறுத்திருந்தான், தோள் அகன்றிருந்தது.

"வாங்க," என்றான்.

அந்த 'ங்க' தாவூத்தின் காதில் உறுத்தியது. பேண்ட்டும் ஷூவுமாக வந்திருக்கிறோம், பக்கத்தில் அவனோடு கடலுக்குப் போய் வந்த மச்சினன் வேறு நிற்கிறான், அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டான். முடிச்சு அவிழ்ந்து கட்டைகள் தனித்தனியாக விழுந்தன. ஒன்றின் முனையைப் பிடிக்கத் தாவூத் குனிந்தான். வுடுங்க, சட்டை வீணாப்பூடும், என்று மாயவன் தடுத்தான். மச்சினனும் அவனுமாக ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டில் காயப் போட்டார்கள். தாவூத் சும்மா நின்றான்.

மச்சினன் போன பிறகுதான் அவனால் ஆரம்பிக்க முடிந்தது. லைப்ரரியில் பார்த்ததில் இருந்து ஒன்று விடாமல் சொன்னான். தெரிந்தே மறைத்தது, உள்ளே போய் மாற்றிச் சொன்னது, தப்பாகப் புரிந்துகொண்டிருப்பான் என்றது, ரயிலில் பொய் சொன்னது, எல்லாம். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் தீர்ந்ததும், மாயவன் கோபப்பட்டுக் கன்னத்தில் ஒன்று விட்டால்கூட நிம்மதியாகப் போய்விடும் என்று இருந்தது.

மாயவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். முழுசும் கேட்டுவிட்டு, கயிற்றைக் கீழே வைத்தான்.

"தெரியும்," என்றான். "அரைக்கதவுதானே. பெஞ்சிலதான் குந்தினு இருந்தேன்."

தாவூதுக்குக் காலடியில் மணல் இழுபடுகிற மாதிரி இருந்தது. அப்போ ரயிலில், என்று ஆரம்பித்தான்.

"அதான் கேட்டேன், உள்ள இன்னா சொன்னேன்னு. ஆமாண்டா மாத்தி சொல்ட்டேன்னு அப்பவே சொல்லியிருந்தா, போடா நாயேன்னு ரெண்டு வெச்சிட்டு வூட்டுக்கு வந்திருப்பேன். வேலை போனா போவுது. பரனூர்ல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் பாத்துகினே வந்தேன், சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு."

கொஞ்சம் நிறுத்தி, மேட்டில் காய்ந்துகொண்டிருந்த கட்டைகளைப் பார்த்தான்.

"ஆனா உள்ள நல்லா சொன்னீங்க. தெனம் எங்க அப்பா அவுத்துகினுதான் இருந்தாரு, எனக்கு அது தோணல. கயித்தத்தான் நெனச்சேன், அவுக்கறத நெனக்கல. அந்த பெஞ்சிலதான் எனக்கு அது முழுசா வெளங்கிச்சு. எப்பவும் போல உங்க வாயாலதான்."

அதைக் குத்தலாகச் சொன்னானா, நிஜமாகவே மெச்சினானா என்று தாவூதுக்குத் தெரியவில்லை. நிஜமாகத்தான் சொன்னான் என்று தோன்றியபோது இன்னும் தாங்க முடியவில்லை. மச்சான், என்னை மன்னிச்சிடுடா, என்று கையைப் பிடித்தான். மாயவன் கையை உதறவில்லை. மன்னிப்புன்னு இன்னா கீது, அதெல்லாம் பழைய கதை என்றான். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

மனைவி வச்சலாவிடம், என்னோட காலேஜில் படித்தவர், எனக்குப் பாடமெல்லாம் இவர்தான் சொல்லித் தந்தார் என்றான். அவள் அவசர அவசரமாக மீன்குழம்பு கூட்டி, நடுத்துண்டாக எடுத்து அவன் தட்டில் வைத்தாள். வெட்கப்படாம சாப்டுங்க, இன்னொரு துண்டு வெச்சிக்கோங்க என்று மாயவன் உபசரித்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. தாவூத் மச்சான் மச்சான் என்று பத்துத் தடவையாவது கூப்பிட்டுப் பார்த்தான். மாயவன் ஒவ்வொரு தடவையும் மரியாதையாக, சொல்லுங்க என்றான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். பஸ் வந்தது. தாவூத் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போடா என்று சொல்ல மாட்டானா என்று இருந்தது.

"பாத்து போய்ட்டு வாங்க," என்றான் மாயவன்.